இரும கவுன்ட்டரும் நிலையாற்றல் முறையும்: 1-களை எண்ணினால் ஏன் போதும்?

k பிட்கள் கொண்ட ஓர் இரும கவுன்ட்டரை A என்ற அரேயில் வைத்திருப்பதாகக் கொள்வோம். A[0] மிகத் தாழ்ந்த பிட், A[k-1] மிக உயர்ந்த பிட். இந்தக் கவுன்ட்டர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: தன் மதிப்போடு ஒன்றைக் கூட்டுவது. வலக்கோடியிலிருந்து தொடங்கி, 1-ஆக இருக்கும் பிட்களை எல்லாம் 0-ஆக மாற்றிக்கொண்டே இடப்புறம் நகர வேண்டும். முதல் 0 எதிர்ப்படும் இடத்தில் அதை 1-ஆக மாற்றிவிட்டு நின்றுவிட வேண்டும்.

```python
def increment(A):
    i = 0
    while i < len(A) and A[i] == 1:
        A[i] = 0
        i += 1
    if i < len(A):
        A[i] = 1
```

இதன் செலவாக, மாறும் பிட்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறோம். மாறும் ஒவ்வொரு பிட்டும் ஒருமுறை படிக்கப்பட்டு ஒருமுறை எழுதப்படுகிறது என்பதால், நிரல் உண்மையில் செய்யும் வேலையும் இந்த எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலேயே இருக்கும். ஒற்றைச் செயலின் மிக மோசமான செலவு k என்பது பார்த்த உடனே தெரிகிறது. 01111 என்பது 10000 ஆகும்போது ஐந்து பிட்களும் மாறுகின்றன. ஆகவே n முறை கூட்டினால் மொத்தச் செலவு nk-க்கு மேல் போகாது என்று எழுதிவிடலாம். அது தவறில்லை, ஆனால் மிகவும் தளர்வான வரம்பு. விலையுயர்ந்த கூட்டல் ஒன்று நடந்து முடிந்த உடனே அடுத்த கூட்டல் மலிவாகவே இருந்தாக வேண்டும் என்பதை அந்தக் கணக்கு கவனிப்பதே இல்லை. ஐந்து பிட்களையும் மாற்றி 10000-ஐ அடைந்தபின், அடுத்த கூட்டலில் ஒரே ஒரு பிட்தான் மாறும்.

பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் கவுன்ட்டருக்கு மொத்தச் செலவை நேரடியாகவே எண்ணிவிட முடியும். A[0] ஒவ்வொரு முறையும் மாறுகிறது, A[1] இரண்டு முறைக்கு ஒருமுறை, A[2] நான்கு முறைக்கு ஒருமுறை. எனவே n + ⌊n/2⌋ + ⌊n/4⌋ + … என்ற கூட்டுத்தொகை கிடைக்கிறது. அது 2n-ஐ விடக் குறைவு. ஒரு கூட்டலுக்குச் சராசரியாக இரண்டு பிட்களுக்கும் குறைவாகவே மாறுகின்றன. கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே, பிறகு வேறு முறை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இந்த நேரடி எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதையும், இடையில் வேறு எந்தச் செயலும் நுழையாததையும், ஒவ்வொரு பிட்டும் எப்போது மாறும் என்ற முழு அட்டவணை நம் கையில் இருப்பதையும் நம்பி நிற்கிறது. அவற்றில் ஒன்று கலைந்தாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிலையாற்றல் முறைக்கு அந்த அட்டவணை தேவையில்லை. கவுன்ட்டரின் இப்போதைய நிலையையும் அடுத்த ஒரு செயலையும் மட்டும் பார்த்து அது முடிவுக்கு வருகிறது.

இந்த முறையின் அடிப்படை எண்ணம் டேனியல் ஸ்லீட்டருடையது. ராபர்ட் டார்ஜன் 1985-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், செலவைச் செயல்களின் வரிசை முழுவதற்கும் பரப்பிப் பார்க்கும் அமோர்டைஸ்டு பகுப்பாய்வை ஒழுங்குபடுத்தி முன்வைத்தபோது, கடனும் சேமிப்புமாகக் கணக்குப் பார்க்கும் வங்கியாளரின் நோக்கு ஒன்று, ஆற்றலாகக் கணக்குப் பார்க்கும் இயற்பியலாளரின் நோக்கு இன்னொன்று என்று இரண்டு பார்வைகளை அருகருகே வைத்தார். நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. தரவமைப்பின் ஒவ்வொரு நிலைக்கும் Φ என்ற ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பின்னால் வரப்போகும் எல்லாமே அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. Φ-இன் மதிப்பு தரவமைப்பு இப்போது இருக்கும் நிலையை மட்டுமே பொறுத்திருக்க வேண்டும். அந்த நிலைக்கு எந்த வழியாக வந்தோம் என்பதை அது அறியக் கூடாது.

i-ஆவது செயலின் உண்மைச் செலவு cᵢ என்றும், அச்செயல் முடிந்தபின் உள்ள நிலையாற்றல் Φᵢ என்றும் வைத்துக்கொண்டால், அதன் அமோர்டைஸ்டு செலவை இப்படி வரையறுக்கிறோம்:

```
âᵢ = cᵢ + Φᵢ − Φᵢ₋₁
```

n செயல்களுக்கும் இதை எழுதிக் கூட்டினால், இடையில் உள்ள Φ-கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றன. முதலும் கடைசியும் மட்டுமே எஞ்சுகின்றன.

```
Σ cᵢ = Σ âᵢ + Φ₀ − Φₙ
```

இந்தச் சமன்பாட்டில் தோராயம் எதுவும் இல்லை. Φ என்று எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் இது உண்மையாகவே இருக்கும். Φₙ ஒருபோதும் Φ₀-ஐ விடக் குறையாது என்று உறுதிசெய்துவிட்டால், அமோர்டைஸ்டு செலவுகளின் கூட்டுத்தொகை உண்மைச் செலவுகளின் கூட்டுத்தொகைக்கு மேல்வரம்பாகிவிடும். இதில் நிகழ்தகவும் இல்லை. உள்ளீடு இப்படித்தான் பரவியிருக்கும் என்ற அனுமானமும் இல்லை. சராசரிச் செலவு என்று சொல்லும்போது பலரும் நிகழ்தகவுச் சராசரியையே நினைத்துக்கொள்வதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது: கிடைக்கும் வரம்பு எந்த வரிசையிலான செயல்களுக்கும் உறுதியாகப் பொருந்தும்.

## Φ-ஐத் தேடுதல்

பெரும்பாலான பாடங்களில் "Φ என்பது 1-களின் எண்ணிக்கை" என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதுதான் மாணவருக்குப் புரியாமல் போகிறது. தவறான தேர்வுகளிலிருந்து தொடங்கினால் சரியானது தானாகவே வெளிப்படும் என்பது என் எண்ணம்.

செலவு எப்போது கூடுகிறது? வலக்கோடியில் தொடர்ச்சியாக நிற்கும் 1-களின் நீளம் கூடும்போது. அந்த நீளத்தை t என்போம்; 01011-இல் t = 2, 01110-இல் t = 0. கூட்டலின் உண்மைச் செலவு t + 1: தொடரில் உள்ள t பிட்கள் 0 ஆகின்றன, அதற்கு அடுத்த ஒரு பிட் 1 ஆகிறது. அப்படியானால் t-ஐயே நிலையாற்றலாக வைத்துக்கொள்ளலாமே என்றுதான் முதலில் தோன்றும். விலையுயர்ந்த செயலின்போது t சுத்தமாகக் காலியாகிறது; 01111 என்பது 10000 ஆகும்போது செலவு 5, நிலையாற்றல் 4-லிருந்து 0-க்கு விழுகிறது, அமோர்டைஸ்டு செலவு 1. இதுவரை அழகாகவே இருக்கிறது.

சிக்கல் அதற்கு முந்தைய அடியில் ஒளிந்திருக்கிறது. 01110 என்பது 01111 ஆகும்போது மாறுவது ஒரே ஒரு பிட். ஆனால் t ஒரே தாவலில் 0-லிருந்து 4-க்கு ஏறிவிடுகிறது; அமோர்டைஸ்டு செலவு 1 + 4 = 5. பொதுவாக k பிட் கவுன்ட்டரில், இரு ஓரங்களிலும் 0-உம் நடுவில் முழுக்க 1-களும் இருக்கும் நிலையில் இந்தச் செலவு k ஆகிவிடும். சமன்பாடு இப்போதும் உண்மைதான். ஆனால் அது தரும் வரம்பு தொடக்கத்தில் நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே k. உயர்ந்த செலவைத் தடுத்துவிட்டோம் என்று எண்ணினோம். அது ஒரு படி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

இந்தத் தோல்வியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 01110-இன் நடுவில் நிற்கும் மூன்று 1-களும் இப்போது ஆபத்தற்றவை. வலக்கோடியில் இருக்கும் 0 அவற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் அந்த 0 எப்போது வேண்டுமானாலும் ஒரே பிட் செலவில் 1 ஆகிவிடலாம். அப்போது அந்த மூன்றும் ஒருசேர ஆபத்தான தொடரின் பகுதியாகிவிடும். அவற்றின் சுமையை ஒரே கணத்தில் ஏற்றக் கூடாது என்றால், அவை 1 ஆன அன்றைக்கே ஒவ்வொன்றாக ஏற்றியிருக்க வேண்டும். எந்த 1-உம், எந்த இடத்தில் இருந்தாலும், என்றாவது ஒருநாள் 0 ஆக வேண்டியதே. எனவே கோடியில் நிற்பவற்றை மட்டும் எண்ணாமல், எல்லா 1-களையும் எண்ண வேண்டும். Φ = b என்று வைக்கிறோம்; b என்பது கவுன்ட்டரில் உள்ள 1-களின் மொத்த எண்ணிக்கை.

கணக்கு இப்போது இரண்டு வரிகளில் முடிகிறது. கூட்டலின் உண்மைச் செலவு t + 1. அதே செயலில் t 1-கள் மறைகின்றன, ஒரு புதிய 1 பிறக்கிறது. ஆகவே நிலையாற்றலின் மாற்றம் 1 − t. இரண்டையும் கூட்டினால் t அடிபட்டுப்போகிறது. எஞ்சுவது சரியாக 2. கவுன்ட்டர் எந்த நிலையில் இருந்தாலும் இதுவே விடை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: k பிட்களும் 1-ஆக இருந்து கவுன்ட்டர் நிரம்பி வழிந்து பூஜ்ஜியமாகும் தருணம். அப்போது உண்மைச் செலவு k, நிலையாற்றல் k அளவு விழுகிறது, அமோர்டைஸ்டு செலவு 0. மேல்வரம்பு 2 என்பது அங்கும் மீறப்படவில்லை. வழிதலை மறந்துவிட்டு "எப்போதும் சரியாக 2" என்று எழுதுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. 2-க்கு மேற்போகாது என்று எழுதுவதே முழுமையானது.

ஐந்து பிட் கவுன்ட்டரை 11-லிருந்து 16 வரை நகர்த்தி இதைச் சரிபார்க்கலாம்.

```
11  01011  Φ=3
12  01100  Φ=2  c=3  ΔΦ=−1  â=2
13  01101  Φ=3  c=1  ΔΦ=+1  â=2
14  01110  Φ=3  c=2  ΔΦ= 0  â=2
15  01111  Φ=4  c=1  ΔΦ=+1  â=2
16  10000  Φ=1  c=5  ΔΦ=−3  â=2
```

உண்மைச் செலவு 3, 1, 2, 1, 5 என்று தள்ளாடுகிறது. நிலையாற்றல் அதற்கு நேரெதிராக ஏறி இறங்கி, இரண்டையும் கூட்டும்போது தட்டையான ஒரு கோட்டைத் தருகிறது. மலிவான கூட்டல் நடந்தால் Φ ஒன்று ஏறுகிறது. விலையுயர்ந்த கூட்டல் எவ்வளவு கூடுதலாகச் செலவழிக்கிறதோ, சரியாக அவ்வளவு Φ இறங்குகிறது. தேர்ந்தெடுத்த Φ சரியா என்று ஐயம் வரும்போது இப்படி ஓர் அட்டவணையை நிரலைக் கொண்டே அச்சிட்டு, கடைசி நெடுவரிசையில் மிகப்பெரிய எண்ணைத் தேடிப் பார்க்கலாம். t-ஐ நிலையாற்றலாக வைத்து இதே அட்டவணையை அச்சிட்டிருந்தால் 15-ஆம் வரியில் 5 என்ற எண் உடனே கண்ணில் பட்டிருக்கும். சிறிய k-க்கு எல்லா நிலைகளையும் ஓட்டிப் பார்ப்பது நிரூபணம் ஆகாது என்றாலும், தவறான Φ-ஐக் கையும் களவுமாகப் பிடிக்க அது பெரும்பாலும் போதும்.

## சமன்பாடு கூடுதலாகச் சொல்வது

வழிதல் இல்லாத வரையில் ஒவ்வொரு அமோர்டைஸ்டு செலவும் சரியாக 2 என்பதால், மொத்தத்துக்குக் கிடைப்பது வெறும் மேல்வரம்பு அன்று, துல்லியமான சூத்திரம். தொடக்கத்தில் b₀ 1-கள், n கூட்டல்களுக்குப் பிறகு bₙ 1-கள் என்றால், மாறிய பிட்களின் மொத்த எண்ணிக்கை 2n + b₀ − bₙ. பூஜ்ஜியத்திலிருந்து 100 வரை போவோம். 100-இன் இரும வடிவம் 1100100. அதில் மூன்று 1-கள் உள்ளன. சூத்திரத்தின்படி 200 − 3 = 197. நேரடியாக எண்ணினால் 100 + 50 + 25 + 12 + 6 + 3 + 1, அதுவும் 197. பிட்கள் எப்போது மாறின என்று பார்க்காமலே, இரு முனைகளின் நிலையை மட்டும் பார்த்து இடைப்பட்ட செலவு முழுவதையும் சொல்லிவிட முடிகிறது.

கவுன்ட்டர் பூஜ்ஜியத்தில் தொடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சூத்திரம் விடை தருகிறது. எட்டு பிட் கவுன்ட்டர் 01111111 என்ற நிலையில், அதாவது 127-இல், நம் கைக்கு வருகிறது. ஒரே ஒருமுறை கூட்டுகிறோம். செலவு 2 + 7 − 1 = 8. ஒரு கூட்டலுக்கு இரண்டு என்ற வாக்குறுதி இங்கே பொய்த்துப்போனது போலத் தோன்றும். உண்மையில் வாக்குறுதிக்கான நிபந்தனைதான் நிறைவேறவில்லை: Φ இங்கே 7-லிருந்து 1-க்கு இறங்கியது, Φₙ ≥ Φ₀ என்பது மீறப்பட்டது. வேறு யாரோ முன்பே ஏற்றிவைத்த நிலையாற்றலை நம் கணக்குக் காலத்தில் இறக்கினோம். ஏற்றிய செலவு நம் கணக்கில் இல்லை. ஆயினும் b₀ ஒருபோதும் k-ஐத் தாண்டாது என்பதால், இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. எந்த நிலையில் தொடங்கினாலும் மொத்தச் செலவு 2n + k-க்குள் அடங்கும். கூட்டல்களின் எண்ணிக்கை k அளவுக்கேனும் வளர்ந்துவிட்டால் அந்த k பொருட்படுத்தத் தக்கதாக இராது.

1-களின் எண்ணிக்கைக்கு முன்னால் வேறு ஒரு கெழுவைப் போட்டால் என்ன? Φ = 2b என்றால் அமோர்டைஸ்டு செலவு t + 1 + 2(1 − t), அதாவது 3 − t. இது 3-ஐத் தாண்டாது. சரியான வரம்புதான், ஆனால் தேவைக்கு மேல் தளர்வானது. Φ = b/2 என்றால் கிடைப்பது (3 + t)/2; t வளர வளர இதுவும் வளர்கிறது, ஆகவே பயனில்லை. கெழு 1-க்குக் கீழே இறங்கினால் மறையும் 1-களால் தங்கள் செலவைத் தாங்களே ஈடுகட்ட முடிவதில்லை; 1-க்கு மேலே ஏறினால் பிறக்கும் ஒவ்வொரு 1-உம் தேவைக்கு மேல் முன்பணம் கட்டுகிறது.

இதே கேள்வியைப் பதின்ம கவுன்ட்டருக்குக் கேட்டால் விடை இன்னும் சுவையாகிறது. இங்கே கோடியில் நிற்கும் t 9-கள் 0 ஆகின்றன, அடுத்த இலக்கம் ஒன்று கூடுகிறது. செலவு மறுபடியும் t + 1. இரும முறையின் பழக்கத்தில், Φ-ஐ 9-களின் எண்ணிக்கையாக வைக்கலாம். அடுத்த இலக்கம் 8-லிருந்து 9 ஆகும்போது மட்டும் Φ ஒன்று ஏறும், மற்ற நேரங்களில் ஏறாது. அமோர்டைஸ்டு செலவு 2-க்கு மேல் போகாது. வரம்பு சரியே, ஆனால் உண்மை அதைவிட மிகக் குறைவு. 9 ஆவதற்கு முன் ஒன்பது சிறிய அடிகளை அந்த இலக்கம் கடந்து வந்திருக்கிறது; அவற்றில் கடைசி அடியின் மீது மட்டும் முழுச் சுமையையும் வைக்கிறோம். அதை ஒன்பது அடிகளுக்கும் சமமாகப் பரப்பினால், Φ என்பது இலக்கங்களின் கூட்டுத்தொகையை 9-ஆல் வகுத்தது ஆகும். இப்போது மறையும் ஒவ்வொரு 9-உம் Φ-ஐச் சரியாக 1 குறைக்கிறது, ஒன்று கூடும் இலக்கம் அதை 1/9 கூட்டுகிறது. அமோர்டைஸ்டு செலவு 1 + 1/9, அதாவது 10/9. 999 என்பது 1000 ஆவதைச் சரிபார்த்தால், செலவு 4, Φ 3-லிருந்து 1/9-க்கு இறங்குகிறது, 4 − 3 + 1/9 = 10/9. பொதுவாக அடிமானம் B என்றால் விடை B/(B − 1). B = 2 என்று போட்டால் நம்முடைய பழைய 2 திரும்பி வருகிறது. பெரிய முழுஎண்களை 64 பிட் சொற்களாகப் பிரித்து வைத்திருக்கும் நிரல்களில் B என்பது 2⁶⁴. அங்கே ஒன்றைக் கூட்டும்போது இரண்டாவது சொல்லைத் தொடுவது கிட்டத்தட்ட நடக்காத நிகழ்வு என்பதை இந்தப் பின்னமே சொல்லிவிடுகிறது.

## கழித்தல் நுழையும்போது

இதுவரை கவுன்ட்டர் ஒரே திசையில் நகர்ந்தது. ஒன்றைக் கழிக்கும் செயலையும் அனுமதித்தால் எல்லாம் மாறிவிடுகிறது. ஐந்து பிட் கவுன்ட்டர் 01111-இல் நிற்கிறது. ஒன்றைக் கூட்டினால் 10000; செலவு 5. ஒன்றைக் கழித்தால் மறுபடியும் 01111, செலவு 5. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனால் ஒவ்வொரு செயலும் ஐந்து பிட்களை மாற்றும். பொதுவாக n செயல்களுக்கு nk.

Φ = b இங்கே எங்கே உடைகிறது என்று பார்ப்பது எளிது. கழிக்கும்போது 10000-இன் நான்கு 0-கள் 1-களாகின்றன; செலவும் ஏறுகிறது, நிலையாற்றலும் சேர்ந்தே ஏறுகிறது; அமோர்டைஸ்டு செலவு 5 + 3 = 8. சரி, வேறு ஒரு Φ-ஐத் தேடலாமா என்று கேட்டால், தேடுவதே வீண் என்று நிரூபித்துவிடலாம். Φ நிலையை மட்டுமே பொறுத்தது என்ற அந்த ஒற்றைக் கட்டுப்பாட்டை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 01111-இல் தொடங்கி இரண்டு செயல்களுக்குப் பிறகு அதே 01111-க்குத் திரும்பிவிட்டோம். ஆகவே Φ எதுவாக இருந்தாலும், தொடங்கிய மதிப்புக்கே திரும்பியாக வேண்டும். அப்படியானால் அந்த இரண்டு செயல்களின் அமோர்டைஸ்டு செலவுகளின் கூட்டுத்தொகை, உண்மைச் செலவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமம்; அதாவது 2k. எவ்வளவு சாதுரியமான Φ-ஆனாலும், இரண்டில் ஒன்றேனும் k அல்லது அதற்கு மேல் இருந்தே தீரும். நிலைகளின் வழியே செல்லும் ஒரு சுழற்சிப் பாதையின் செலவை எந்த நிலையாற்றலாலும் மறைக்க முடியாது. ஒரு தரவமைப்புக்கு அமோர்டைஸ்டு வரம்பு கிடைக்குமா என்ற ஐயம் எழுந்தால், Φ-ஐத் தேடத் தொடங்கும் முன் விலையுயர்ந்த குறுஞ்சுழற்சி ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தால் அந்தத் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம்.

தப்பிக்க வேண்டுமானால் எண்ணை எழுதும் முறையையே மாற்ற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 0, 1 ஆகியவற்றோடு −1 என்ற இலக்கத்தையும் அனுமதிப்போம். இட மதிப்புகள் முன்போலவே 1, 2, 4, 8 என்று இருக்கட்டும். கூட்டும்போது கோடியில் உள்ள 1-களை 0-களாக மாற்றிக்கொண்டு போய், 1 அல்லாத முதல் இலக்கத்தோடு ஒன்றைச் சேர்த்து நிறுத்துகிறோம். அது 0 எனில் 1 ஆகும், −1 எனில் 0 ஆகும். கழிப்பது இதன் கண்ணாடிப் பிம்பம்: கோடியில் உள்ள −1-கள் 0-களாகின்றன, −1 அல்லாத முதல் இலக்கத்தில் ஒன்று குறைகிறது. Φ-ஐப் பூஜ்ஜியம் அல்லாத இலக்கங்களின் எண்ணிக்கையாக வைத்தால், கூட்டினாலும் கழித்தாலும் t இலக்கங்கள் 0 ஆகி Φ-ஐ t குறைக்கின்றன. கடைசியாக மாறும் இலக்கம் அதை அதிகபட்சம் ஒன்று கூட்டுகிறது. உண்மைச் செலவு t + 1, ஆகவே இரண்டு செயல்களுக்கும் அமோர்டைஸ்டு செலவு 2-க்கு மேல் போகாது.

முன்பு நம்மை வீழ்த்திய சுழற்சி இங்கே என்ன ஆனது? எட்டை 1, 0, 0, 0 என்று எழுதியிருக்கிறோம். ஒன்றைக் கழித்தால் 1, 0, 0, −1. மதிப்பு ஏழு, மாறியது ஒரே இலக்கம். ஒன்றைக் கூட்டினால் மறுபடியும் 1, 0, 0, 0. அதிலும் ஒரே இலக்கம். ஏழை 0, 1, 1, 1 என்றும் எழுதலாம். ஆனால் எட்டிலிருந்து இறங்கி வரும் கவுன்ட்டர் அந்த வடிவத்துக்குள் போவதில்லை. ஒரே மதிப்புக்குப் பல வடிவங்கள் இருப்பதால், மதிப்பு சுழன்றாலும் விலையுயர்ந்த நிலைச் சுழற்சி உருவாவதில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. பூஜ்ஜியத்துக்கு மட்டும் ஒரே வடிவம்தான் என்பதாலும், உயர்ந்த இடத்திலுள்ள பூஜ்ஜியமல்லாத இலக்கமே எண்ணின் குறியைத் தீர்மானிப்பதாலும் அவற்றைச் சோதிப்பது எளிது. ஆனால் இரண்டு கவுன்ட்டர்கள் சமமா என்று பார்க்க இலக்கங்களை நேருக்கு நேர் ஒப்பிட்டால் போதாது.

நிலையை நகலெடுக்க முடியும் சூழலிலும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. 01111 என்ற நிலையைப் பத்திரப்படுத்திவைத்து, ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய நிலையிலிருந்தே புதிதாக ஒன்றைக் கூட்டினால், ஒவ்வொரு கூட்டலுக்கும் ஐந்து பிட்கள் மாறும். பழைய பதிப்புகளைத் தொடமுடியாதபடி காக்கும் தரவமைப்புகளிலும், பழைய நிலைக்குப் பின்வாங்கி மறுபடி முயலும் தேடல் நிரல்களிலும் இது உண்மையாகவே நிகழ்கிறது. Φ-கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்ததற்குக் காரணம், ஒரு செயலின் முடிவே அடுத்த செயலின் தொடக்கமாக இருந்தது. வரலாறு கிளைவிட்டால் அந்தத் தொடர் அறுந்துபோகிறது. ஒருமுறை ஏற்றிய நான்கு அலகு நிலையாற்றலை ஒவ்வொரு கிளையும் தனித்தனியே இறக்கப் பார்க்கும், ஆனால் அதை ஏற்றிய செலவு ஒருமுறைதான் செய்யப்பட்டது. கிளைகள் உண்டு என்று தெரிந்தால், மிக மோசமான ஒற்றைச் செயலின் செலவான k-ஐயே வரம்பாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.